அஞ்சறைப் பெட்டியை எங்கே நிரப்புவது: ஊரிலா, சூப்பர்மார்க்கெட்டிலா, தமிழ்க்கடையிலா?

ஆடி கழிந்தால் காரைக்குடியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலாவது வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். கூடவே அந்தக் கேள்வியும் வரும். எதையெல்லாம் இங்கிருந்து கொடுத்துவிடுவது, எதையெல்லாம் அங்கே போய் வாங்கிக்கொள்ளச் சொல்வது? "எல்லாம் அங்கேயே கிடைக்கும், ஏன் சுமக்கிறீங்க" என்பார் ஒருவர். "ஒண்ணும் கிடைக்காது, பிள்ளை பட்டினி கிடக்கும்" என்பார் அடுத்தவர். போன வருஷம் நானும் இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். என் மகள் இங்கிலாந்தில், பர்மிங்காமுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் மேற்படிப்புக்குச் சேர்ந்தாள். அவளுடைய முதல் வாரக் கடை எப்படிப் போனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒப்பீடு அதிலிருந்தே வரும்.

## முதல் சனிக்கிழமை

அங்கே காலை 11 மணி, இங்கே மதியம் மூன்றரை. சூப்பர்மார்க்கெட்டில் நின்றபடி வீடியோவில் அழைத்தாள். எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு அலமாரி, அது முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். கையில் அவள் எழுதிய பட்டியல்: சோம்பு, சீரகம், பட்டை, அன்னாசிப்பூ, மிளகாய்த்தூள், மல்லி, கசகசா, புளி, துவரம்பருப்பு, நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை. ஞாயிற்றுக்கிழமைக்குக் கோழிக் குழம்பு, மற்ற நாளைக்கு ரசம், பருப்பு, வெங்காயக் கோசு என்று திட்டம்.

"அம்மா, சோம்புக்கு இங்க என்ன பேரு? போன்ல போட்டா அனிஸ்னு வருது."

அனிஸ் என்பது வேறு. பார்க்கச் சோம்பின் குட்டிபோல இருக்கும், வாசம் கொஞ்சம் தூக்கலாக அடிக்கும். நாம் தாளிக்கிற சோம்பு அங்கே 'ஃபென்னல்'. அது இரண்டு தட்டு தள்ளி இருந்தது. இப்படி ஒவ்வொன்றாகப் பெயர் பிடித்துப் பிடித்து ஆறு குப்பி எடுத்து முடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இம்புட்டுக்காணு குப்பியில வச்சு என்ன மருந்தா விக்கிறான்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எவ்வளவு சரி என்பது ரசீது வந்த பிறகுதான் தெரிந்தது. ஆறு குப்பிக்கு 9 பவுண்டு 60 பென்ஸ். குப்பிக்கு முப்பத்தைந்து கிராம் என்று வைத்தால் மொத்தம் 210 கிராம்.

மறுநாள் குழம்பு வைத்தாள். படத்தில் நிறமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. "சாப்பிட்டா நம்ம குழம்பு மாதிரி இல்லம்மா, கற்பூரவல்லி வாசம் அடிக்குது, உப்பும் தூக்கலா இருக்கு" என்றாள். குப்பியைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன். 'மைல்ட் சில்லி பவுடர்' என்று முகப்பில் போட்டிருந்ததன் பின்பக்கத்தில் மிளகாய், சீரகம், ஆரிகானோ, பூண்டுத்தூள், உப்பு என்று இருந்தது. மெக்சிகோ பக்கத்துச் சமையலுக்கான கலவை அது. ஆரிகானோவுக்கும் கற்பூரவல்லிக்கும் வாசம் கிட்டத்தட்ட ஒன்று. பிள்ளையின் மூக்கில் குறையில்லை.

## எதை வைத்து முடிவு செய்வது

ஒட்டுமொத்தமாக எந்தக் கடை நல்லது என்று கேட்டால் பதில் வராது. சாமானைக் கையில் எடுத்து ஒவ்வொன்றுக்கும் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

முதல் கேள்வி, இதற்கு மாற்று உண்டா? சின்ன வெங்காயத்துக்கு உண்டு. கல்பாசிக்குக் கிடையாது. இரண்டாவது, கிராம் கணக்கில் உண்மையான விலை என்ன? பேருந்துக் காசும் இதில் சேர வேண்டும். மூன்றாவது, எத்தனை நாள் தாங்கும், எங்கே வைப்பது? மாணவர் விடுதியில் ஐந்தாறு பேருக்கு ஒரு சமையலறை, ஃபிரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு, ஃப்ரீஸரில் பாதி அறைதான் கிடைக்கும். நாலாவது, சட்டம் விடுமா? இதைக் கடைசியில் எழுதினாலும் பெட்டி கட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

## வழி ஒன்று: ஊரிலிருந்து கொண்டுபோவது

விமானத்தில் பெட்டிக்கு 23 கிலோ, சில நிறுவனங்களில் 30 கிலோ. அதில் துணி, புத்தகம், குக்கர் எல்லாம் போக சமையல் சாமானுக்கு ஐந்து கிலோ ஒதுங்கினால் அதிகம். ஆகவே எடை குறைந்ததாகவும், மாற்று இல்லாததாகவும் இருப்பது மட்டும் பெட்டிக்குள் போகட்டும்.

செட்டிநாட்டுச் சமையலுக்கு அந்தப் பட்டியலில் தலையாயது கல்பாசி. பாறையிலும் மரப்பட்டையிலும் பாசிபோலப் படர்வது அது. காய்ந்த சருகுபோல எடையே இருக்காது. எண்ணெயில் பட்ட பிறகுதான் மண்ணும் புகையும் கலந்த அந்த வாசம் எழும். ஒரு கிலோ கோழிக்கு இரண்டு விரலில் கிள்ளுகிற அளவு போதும். 25 கிராம் பொட்டலம் ஒரு வருஷத்துக்குத் தாராளம். சூப்பர்மார்க்கெட்டில் இதைத் தேடி அலைய வேண்டாம், இருக்காது. குஜராத்திக் கடைகளில் 'தகட் பூல்' என்று கேட்டால் சில இடத்தில் கிடைக்கும். மராட்டி மொக்கும் இதே கதைதான், ஐம்பது கிராம் போட்டு அனுப்புங்கள்.

அடுத்தது மிளகாய். குண்டு மிளகாய் அங்கே கிடைப்பது அரிது. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் அந்த ஊர் அலமாரிக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. அரைக் கிலோவை முழு மிளகாயாக அனுப்புவதா, தூளாக அனுப்புவதா என்பதுதான் கேள்வி. எங்கள் வீட்டில் முதலில் வறுத்து அரைத்த மசாலாத்தூளாக ஒன்றரைக் கிலோ கட்டினோம். அது தப்பு. வறுத்து அரைத்த தூள் மூன்று மாதத்தில் வாசம் இறங்கிவிடும். பொங்கல் வரும்போது அவளிடம் இருந்தது வெறும் சிவப்புப் பொடி. இப்போது தூளை இருநூறு கிராம் மட்டும் அனுப்புகிறேன், மீதி எல்லாம் முழுசாக. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் மின்சாரம் 230 வோல்ட்தான், அதனால் நம்மூர்ச் சின்ன மிக்ஸி அங்கே பிளக் மாற்றியோடு ஓடும். அமெரிக்கா போகிறவர்கள் மிக்ஸியைத் தூக்க வேண்டாம், அங்கே 120 வோல்ட்.

இனி சட்டம். இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு இறைச்சியும் பால் பொருளும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. அதாவது உப்புக்கண்டம் கிடையாது, நெய் கிடையாது, பால்கோவா கிடையாது. உப்புக்கண்டத்தை வற்றல் பொட்டலத்துக்கு நடுவில் ஒளித்து அனுப்புகிற அப்பத்தாமார்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அதைச் செய்யாதீர்கள், விமான நிலையத்தில் முழிப்பது பிள்ளைதான். பச்சைக் கறிவேப்பிலையும் அப்படியே கொண்டுபோக முடியாது. கசகசா இங்கிலாந்தில் பிரச்சினை இல்லை. ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள், எனவே துபாய் வழியாகப் போகிறவர்கள் அதைப் பெட்டியில் வைக்கவே வேண்டாம். நாங்கள் கடைசி நாள் ராத்திரி பெட்டியைப் பிரித்து எடுத்த ஒரே சாமான் அதுதான்.

## வழி இரண்டு: சூப்பர்மார்க்கெட்

பிள்ளை வாரா வாரம் போகப் போவது இங்கேதான், நடந்து போகிற தூரத்தில் இருப்பதால். வெங்காயம், தக்காளி, பூண்டு, இஞ்சி, முட்டை, தயிர், எலுமிச்சை, மல்லித்தழை, உருளைக்கிழங்கு இதற்கெல்லாம் வேறு கடை தேட வேண்டியதில்லை. கோழியில் மட்டும் ஒன்று. எலும்பில்லாத நெஞ்சுக்கறிதான் கண்ணுக்கு எதிரில் அடுக்கியிருக்கும். குழம்புக்கு அது சாரமில்லை. எலும்போடு கூடிய தொடைக்கறியை எடுத்துத் தோலை உரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். விலையும் குறைவு, குழம்பும் குழம்பாக இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு மசாலாக் குப்பிகளில். இதை மகள் மூன்றாவது வாரம் கண்டுபிடித்தாள். அதே கடையில் பத்து அடி தள்ளி 'வேர்ல்டு ஃபுட்ஸ்' என்று இன்னொரு வரிசை இருக்கிறது. அங்கே அதே சோம்பு, அதே சீரகம், அதே பட்டை பாலித்தீன் பையில் 100 கிராமாக இருந்தன. ஒன்று ஒரு பவுண்டு இருபது. ஆறு பை வாங்கினால் 7 பவுண்டு 20 பென்ஸுக்கு 600 கிராம். குப்பியில் இதைவிட அதிகக் காசு கொடுத்து மூன்றில் ஒரு பங்குதான் வாங்கியிருந்தாள். சிறிய கிளைகளில் இந்த வரிசை இருக்காது, பெரிய கடைக்குத்தான் போக வேண்டும். இங்கிலாந்தில் பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம்தான் திறக்கலாம் என்று சட்டம். சாயங்காலம் போய்க் கதவைத் தள்ளிவிட்டுத் திரும்பி வந்த அனுபவமும் அவளுக்கு உண்டு.

பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கிற சாமான்கள்தான் இங்கே காலை வாரும். மிளகாய்த்தூளைச் சொன்னேன். அதைவிட மோசம் எண்ணெய். 'செசமி ஆயில்' என்று சின்னப் புட்டியில் கருப்பாக இருப்பது வறுத்த எள்ளில் ஆட்டிய சீனச் சமையல் எண்ணெய். அவர்கள் கடைசியில் நாலு சொட்டு விடுவார்கள். நாம் அதில் தாளித்தால் கருகல் வாசம் அறையை விட்டுப் போக இரண்டு நாள் ஆகும். கசகசா கருநீலமாக இருக்கும், ரொட்டிமேல் தூவுகிற ரகம் அது. அரைத்து ஊற்றினால் குழம்பு சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். கெட்டிப் புளி புட்டியில் கிடைக்கும். சிலதில் புளி மட்டும், சிலதில் உப்பும் சர்க்கரையும் சேர்த்திருக்கும். நாலு பேர் ரசத்துக்குக் கால் தேக்கரண்டியில் தொடங்கி ருசி பார்த்து ஏற்றிக்கொள்வது உத்தமம்.

மாறாக ஒரு சாமானில் சூப்பர்மார்க்கெட்தான் நமக்கு நல்லது செய்தது. துவரம்பருப்பு இல்லையே என்று அவள் 'ரெட் லென்டில்ஸ்' வாங்கி வந்தாள், நம்மூர் மைசூர் பருப்புதான் அது. குக்கர் இல்லாமல் சாதாரணப் பாத்திரத்தில் கால் மணி நேரத்தில் குழைந்துவிட்டது. துவரம்பருப்பு அதே அடுப்பில் முக்கால் மணிக்கு மேல் கேட்கும், குக்கர் விசில் சத்தத்துக்கு அடுத்த அறைப் பிள்ளைகள் ஓடி வருவார்கள். சாம்பாருக்கு மைசூர் பருப்பின் ருசி பத்தாது, உண்மைதான். வாரநாள் பருப்புக்கும் ரசத்துக்கும் அதுவே போதும் என்று இப்போது வழக்கமாகிவிட்டது. சின்ன வெங்காயத்துக்குப் பதில் 'ஷாலட்' வாங்கலாம். குழம்புக்குச் சரிப்படும். உரிப்பதும் சுலபம்.

## வழி மூன்று: தமிழ்க்கடை

இங்கிலாந்தில் தமிழ்க்கடை என்றால் அநேகமாக ஈழத்தமிழர் கடை. மகள் போன கடை பேருந்தில் நாற்பது நிமிடம். பேருந்துக் கட்டணத்துக்கு 2025 முதல் ஒரு பயணத்துக்கு 3 பவுண்டு உச்சவரம்பு, போய்வர ஆறு. இந்த ஆறு பவுண்டை எத்தனை சாமானின் தலையில் பிரித்துப் போடுகிறோம் என்பதில்தான் இந்த வழியின் லாப நட்டம் இருக்கிறது. கறிவேப்பிலைக்காக மட்டும் போனால் அது ஆறு பவுண்டுக் கறிவேப்பிலை. மாதம் ஒருமுறை, தோழியோடு, ஐந்து கிலோ இட்லி அரிசியும் உளுந்தும் துவரம்பருப்பும் நல்லெண்ணெயும் வாங்கப் போனால் பேருந்துக் காசு தெரியாது.

முதல் தடவை போனபோது சோம்பு என்று கேட்டிருக்கிறாள். கடைக்காரர், "பெருஞ்சீரகமோ பிள்ளை, சின்னச்சீரகமோ?" என்று திருப்பிக் கேட்டாராம். அவர்கள் வழக்கில் சோம்பு பெருஞ்சீரகம், சீரகம் சின்னச்சீரகம். காய்ந்த மிளகாய் செத்தல் மிளகாய், பூண்டு உள்ளி. ஆங்கிலப் பெயர் தேடி அரை மணி நேரம் நின்ற பிள்ளைக்கு அங்கேயும் பெயர் தேட வேண்டியதாகிவிட்டது, ஆனால் சிரித்துக்கொண்டே. ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். அங்கே முன்னால் அடுக்கியிருக்கும் கறித்தூள் நன்கு கருக வறுத்து அரைத்தது. அவர்கள் குழம்புக்கு அது அருமை. நம் குழம்பில் போட்டால் கல்பாசி வாசத்தை அது மூடிவிடும்.

இந்தக் கடையில் தவறவிடக் கூடாதவை இரண்டு. ஒன்று, உறைய வைத்த தேங்காய்த் துருவல். சூப்பர்மார்க்கெட்டின் உலர்ந்த துருவலை வெந்நீரில் ஊறவைத்து அரைக்கலாம், ஆனால் திப்பியாக நிற்கும், பால் இறங்காது. உறைந்த துருவல் பச்சைத் தேங்காய்க்கு மிக அருகில் வரும். அதைப் பலகையில் கத்தியால் கட்டம் போட்டு வெட்டி வைத்துக்கொண்டால் ஒரு கட்டி ஒரு நாளைக்கு. இரண்டாவது, கறிவேப்பிலை. கழுவி, துணியில் ஈரம் போக ஒற்றி, காற்றுப் புகாத பையில் ஃப்ரீஸரில் வைத்தால் மாதக் கணக்கில் வரும். எடுத்ததும் உருக விடாமல் அப்படியே எண்ணெயில் போட வேண்டும், உருகினால் கருத்துவிடும். சூப்பர்மார்க்கெட் குப்பியில் இருக்கும் காய்ந்த கறிவேப்பிலை பார்வைக்குத்தான் கறிவேப்பிலை.

இணையத்தில் வரவழைக்கும் வழியும் உண்டு. குறைந்தபட்சத் தொகை, அனுப்பும் கட்டணம் இரண்டும் சேரும்போது தனி ஆளுக்குக் கட்டாது. தமிழ்க்கடை இல்லாத சிறு ஊரில், மூன்று நாலு பேர் சேர்ந்து அரிசி மூட்டையோடு வரவழைத்தால் அதுவே சிறந்த வழி ஆகிவிடும்.

## சாமான்வாரியாக

| சாமான் | எங்கே | கவனிக்க |
|---|---|---|
| கல்பாசி, மராட்டி மொக்கு | ஊரிலிருந்து | 25, 50 கிராம் போதும் |
| குண்டு மிளகாய் | ஊரிலிருந்து | முழுசாக, தூள் கொஞ்சம் |
| சோம்பு, சீரகம், பட்டை | சூப்பர்மார்க்கெட் | குப்பி வேண்டாம், பை |
| அன்னாசிப்பூ | சூப்பர்மார்க்கெட் | கிலோ கறிக்கு ஒன்று போதும் |
| மிளகாய்த்தூள் | தமிழ்க்கடை | பின்பக்கம் மிளகாய் மட்டும் இருக்க வேண்டும் |
| வாரநாள் பருப்பு | சூப்பர்மார்க்கெட் | மைசூர் பருப்பு |
| துவரம்பருப்பு, இட்லி அரிசி | தமிழ்க்கடை | மாதம் ஒருமுறை |
| நல்லெண்ணெய் | தமிழ்க்கடை | கருத்த எள் எண்ணெய் வேறு |
| கசகசா | தமிழ்க்கடை | வெள்ளை |
| தேங்காய், கறிவேப்பிலை | தமிழ்க்கடை | ஃப்ரீஸர் இடம் பார்த்து |
| நெய், தயிர் | சூப்பர்மார்க்கெட் | ஊரிலிருந்து கூடாது |

## யாருக்கு எது

வாரத்தில் இரண்டு நாள்தான் சமைப்பான், மற்ற நாள் ரொட்டியும் முட்டையும் என்றால் தமிழ்க்கடைக்கு அலைய வேண்டாம். ஊர்ப் பொட்டலம் அரைக் கிலோவும் சூப்பர்மார்க்கெட்டும் போதும். லண்டன், லெஸ்டர் போன்ற ஊர் என்றால் நடந்து போகிற தூரத்திலேயே நம் கடை இருக்கலாம், இருந்தால் பெட்டியில் மிளகாயும் கல்பாசியும் தவிர வேறு எதுவும் வேண்டாம். என் மகளைப் போலச் சிறு ஊரில், நாள்தோறும் சமைக்கிற பிள்ளைக்குத்தான் மூன்று வழியும் தேவைப்படும்.

ஒரே ஒரு சாமானுக்கு இந்த மூன்றிலும் விடை கிடைக்கவில்லை. தீபாவளிக்குக் கவுனி அரிசி வேண்டும் என்று நின்றாள். பெட்டியில் வைக்க மறந்துவிட்டோம், தமிழ்க்கடையில் இல்லை, சூப்பர்மார்க்கெட்டில் இருந்த கறுப்பரிசி ஒட்டாத ரகம். கடைசியில் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் இருந்த சீனக் கடையில், தாய்லாந்திலிருந்து வந்த கறுப்பு ஒட்டரிசி ஒரு கிலோப் பை அகப்பட்டது. ராத்திரி ஊறவைத்து, மறுநாள் ஊறிய தண்ணீரிலேயே ஒரு மணி நேரம் வேகவைத்து, சர்க்கரையும் உறைந்த தேங்காயும் சேர்த்தாள். வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார் பையைக் கிட்டே காட்டச் சொன்னார். எழுத்து புரியவில்லை.

"எந்த ஊரு அரிசித்தா?"

"தாய்லாந்து, அப்பத்தா."

"பர்மாவுக்குப் பக்கத்து ஊருதானே. நம்ம வீட்டுக்கும் அது அங்கேருந்துதான் வந்துச்சு. இன்னுங் கொஞ்சம் குழையட்டும், எறக்கிடாத."